ஒரு மேப்பில் 60 சதவீதம் என்றால், தொடரில் எத்தனை?

2024 மார்ச் 31 அன்று கோபன்ஹேகனில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் முதல் மேஜர் இறுதி ஆட்டம் நடந்தது. ரசிகர்கள் ‘நாவி’ என்று சுருக்கிச் சொல்லும் நேட்டஸ் வின்செரே அணியும் ஃபேஸ் அணியும் மோதின. ஏன்ஷியன்ட் என்ற மேப்பில் நாவி 13–9 என்று வென்றது. அடுத்து மிராஜில் ஃபேஸ் 13–2 என்று நாவியைத் துவைத்து எடுத்தது. கடைசியாக இன்ஃபெர்னோவில் நாவி 13–3 என்று அதே அடியைத் திருப்பிக் கொடுத்தது. கோப்பை நாவிக்கு, 2–1. மூன்று மேப்புகளின் சுற்றுகளையும் கூட்டிப் பார்த்தால் 28–25 தான்.

இப்படிப்பட்ட தொடரை ஆட்டத்துக்கு முன்பே கணிக்க நினைப்பவரிடம் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும்: “இந்த அணி ஒரு மேப்பில் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு.” மூன்று மேப் தொடரை அந்த அணி வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. அதுவும் 60 தானே என்பார் ஒருவர். 0.6 × 0.6 = 0.36, ஆகவே 36 என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் மேப் என்பது மோதல் நடக்கும் களம். ஒரு களத்தில் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கு அந்த மேப். ‘பெஸ்ட் ஆஃப் த்ரீ’ தொடரில் முதலில் இரண்டு மேப்புகளை எடுப்பவருக்கு வெற்றி. அந்த இரண்டை மூன்று வழிகளில் எடுக்கலாம். முதல் இரண்டையும் வெல்லலாம். அதற்கான வாய்ப்பு 0.6 × 0.6 = 0.36. முதலாவதை வென்று, இரண்டாவதை விட்டு, மூன்றாவதைப் பிடிக்கலாம், அது 0.6 × 0.4 × 0.6 = 0.144. முதலாவதை விட்டு அடுத்த இரண்டையும் வெல்லலாம், அதுவும் 0.144. மூன்றையும் கூட்டினால் 0.648. ஒரு மேப்பில் 60 ஆக இருந்தது தொடரில் ஏறத்தாழ 65 ஆகிவிட்டது. 36 என்று சொன்னவர் முதல் வழியோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

மேப் வாய்ப்பை p என்று வைத்துக்கொண்டால் இந்தக் கூட்டல் ஒரே வரியில் அடங்கும்:

P = p²(3 − 2p)

ஐந்து மேப் தொடரில் மூன்றை எடுக்க வேண்டும். 3–0, 3–1, 3–2 என்ற மூன்று முடிவுகளுக்கும் உரிய வழிகளை இதே போலக் கூட்டினால் கிடைப்பது:

P = p³(10 − 15p + 6p²)

60 சதவீத அணிக்கு இது 68.3 தருகிறது. தாளும் பேனாவும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஐம்பதுக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மூன்று மேப் தொடர் என்றால் அதை ஒன்றரையால் பெருக்குங்கள். ஐந்து மேப் தொடர் என்றால் ஏறத்தாழ இரண்டால். 55 என்பது மூன்று மேப்பில் 57.5 ஆகும், ஐந்து மேப்பில் 59 சொச்சம். எழுபதுக்கு மேல் போனால் இந்தக் குறுக்குவழி மிகையாகச் சொல்லத் தொடங்கும். அங்கே சூத்திரத்துக்கே போய்விடுவது நல்லது. திருப்பியும் போடலாம்: ஓர் அணிக்குத் தொடரில் 65 என்று யாராவது சொன்னால், மேப்புக்கு 60 என்று அவர் நினைக்கிறார் என்று பொருள்.

நீண்ட தொடர் பலசாலிக்குச் சாதகம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு சாதகம் என்பதைப் பாருங்கள். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனதில் 60 சதவீத அணிக்குக் கூடியது மூன்றரைப் புள்ளிதான். “ஐந்து மேப் வைத்திருந்தால் உண்மையான சாம்பியன் தெரிந்திருக்கும்” என்ற புலம்பலுக்குக் கணக்கில் அதிக ஆதரவில்லை.

சூத்திரத்தில் தகராறு இல்லை. அதில் போடும் p எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டிகளில் ஒரு சமயத்தில் ஏழு மேப்புகள் புழக்கத்தில் இருக்கும். எல்லா அணியும் எல்லாவற்றிலும் ஒரே அளவு கைதேர்ந்திருப்பதில்லை. தொடருக்கு முன்னால் ‘வீட்டோ’ நடக்கும். மூன்று மேப் தொடரில் ஆளுக்கொரு மேப்பைத் தள்ளுவார்கள், பிறகு ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், மீண்டும் ஆளுக்கொன்றைத் தள்ளுவார்கள். மிஞ்சி நிற்கும் ஏழாவது மேப் ‘டிசைடர்’. 1–1 என்றானால் மட்டும் ஆடப்படும். ஆக, உங்கள் அணியின் கடந்த ஆறு மாத வெற்றி விகிதத்தை அப்படியே p என்று வைத்தால், இந்தத் தொடரில் ஆடவே போகாத நான்கு மேப்புகளும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும்.

சரியான வழி, வீட்டோ முடிந்ததும் மூன்று மேப்புகளுக்கும் தனித்தனி எண் போடுவது. ஓர் உதாரணத்துக்கு, நம் அணி தானே தேர்ந்தெடுத்த மேப்பில் 72 சதவீதம், எதிரணி தேர்ந்தெடுத்ததில் 42, டிசைடரில் 55 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் a, b, c என்றால்:

P = ab + ac + bc − 2abc

0.3024, 0.396, 0.231 மூன்றையும் கூட்டினால் 0.9294. அதிலிருந்து 0.3326 கழிந்தால் 0.597, அதாவது 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மேப்புகளின் வரிசை மாறினாலும் இந்த விடை மாறாது. எதை முதலில் ஆடுகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்கே எனக்கே வியப்பான ஒன்று உண்டு. மூன்று எண்களின் சராசரி 56.3. அதைப் பழைய சூத்திரத்தில் போட்டால் 59.4 வருகிறது. வித்தியாசம் கால் புள்ளிகூட இல்லை. ஆடப்போகும் மேப்புகளைச் சராசரி பார்ப்பது பெரிய பாவமில்லை. ஆடப்போகாதவற்றையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதுதான் கணிப்பைக் கவிழ்க்கும்.

தனித்தனி எண்கள் வேறு விதத்தில் கைகொடுக்கும். முதலில் ஆடியது நம் மேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வென்றுவிட்டால் மீதி இரண்டில் ஒன்று போதும்; வாய்ப்பு 74 சதவீதம். தோற்றுவிட்டால் இரண்டையும் வென்றாக வேண்டும்; 0.42 × 0.55, வெறும் 23. தேர்ந்தெடுத்த மேப்பைத் தோற்ற அணியின் முகம் ஏன் அப்படி வாடுகிறது என்பது இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் புரியும். தொடர் மூன்றாவது மேப்புக்குப் போகும் வாய்ப்பும் மாறுகிறது. எல்லா மேப்பிலும் 60 என்றால் அது 48 சதவீதம். இந்த 72, 42 கணக்கில் 53.5. ஆளுக்கொரு மேப் தேர்வு செய்யும் முறை தொடரை 2–1 பக்கம் தள்ளுகிறது.

அடுத்தது, கொஞ்சம் நுணுக்கமானது. வாய்ப்புகளைப் பெருக்கும்போதெல்லாம் ஒரு மேப்பின் முடிவு அடுத்ததைத் தொடாது என்று நாம் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். நிஜத்தில், எதிரணி புதிய உத்தி ஒன்றைத் தயார் செய்து வந்திருந்தாலோ, நம் முக்கிய வீரருக்கு அன்று கை சரியில்லை என்றாலோ, அந்தக் குறை எல்லா மேப்பிலும் தொடரும். நம் அணி நல்ல நாளில் 75 சதவீத அணி, மோசமான நாளில் 45 சதவீத அணி என்றும், எந்த நாள் என்பது பாதிக்குப் பாதி என்றும் வைப்போம். சராசரி அதே 60. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் தனியாகக் கணக்குப் போட்டுப் பிறகு சராசரி பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று மேப் தொடரில் 64.8 என்பது 63.5 ஆகிறது, ஐந்து மேப்பில் 68.3 என்பது 65.2 ஆகிறது. நீண்ட தொடர் தந்த அந்தச் சிறு சாதகத்திலும் பாதி போய்விட்டது. மேப்புகளை எத்தனை கூட்டினாலும் மோசமான நாள் மோசமான நாளாகத்தான் இருக்கும்.

இது பெரிதாக வெளிப்படுவது 0–2 என்று பின்தங்கிய நிலையில். 2022 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியின் காலிறுதியில் கொரியாவின் டிஆர்எக்ஸ், நடப்பு சாம்பியனான சீனாவின் இடிஜியிடம் 0–2 என்று பின்தங்கி, பிறகு மூன்று ஆட்டங்களையும் வென்று, இறுதியில் கோப்பையையும் தூக்கியது. (அந்த விளையாட்டில் களம் ஒன்றே, மேப்புக்குப் பதில் ‘கேம்’ என்று எண்ணுவார்கள்.) சம பலம் என்று கொண்டால் மூன்றையும் தொடர்ந்து வெல்ல 12.5 சதவீதம், எட்டில் ஒன்று. அபூர்வம்தான், அற்புதமல்ல. நம் 60 சதவீத அணி 0–2 என்று கிடந்தால்? நேரடிப் பெருக்கல் 21.6 என்கிறது. ஆனால் இரண்டு தோல்விகளே ஒரு தகவல்: இன்று மோசமான நாள் என்பதற்கான வாய்ப்பு 50லிருந்து 83 ஆக ஏறிவிட்டது. அதைச் சேர்த்தால் மீள்வதற்கு 15 சதவீதம்தான். திரையில் ஓடும் கணிப்பு எண், இரண்டு தோல்விக்குப் பிறகும் மேப் வாய்ப்பை அசையாமல் வைத்திருந்தால், அது ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

உங்கள் மதிப்பீட்டில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தொடருக்கும் அது மூன்றாவது மேப்புக்குப் போகும் வாய்ப்பை எழுதி வையுங்கள். பிறகு உண்மையில் எத்தனை போயின என்று எண்ணுங்கள். நீங்கள் எழுதியதைவிடக் குறைவாகப் போயிருந்தால், நாளின் தாக்கத்தைக் கணக்கில் விட்டிருக்கிறீர்கள். அதிகமாகப் போயிருந்தால், வீட்டோவை விட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சரியான எண்ணிக்கையைத் தருவதும் உண்டு. ஆகவே தேர்ந்தெடுத்த மேப்பில் அணிகள் எத்தனை முறை வென்றன என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு தொடர்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் 65 சதவீதம் என்று சொன்ன நூறு தொடர்களில் 60 வென்றாலும் 70 வென்றாலும், அந்த வித்தியாசம் தற்செயலால் மட்டுமே வந்திருக்கலாம்.