கடை வாடகை: பேரத்தை எங்கே தொடங்குவது?

முதல் முறையாகக் கடை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வாடகையில்தான் பேரத்தைத் தொடங்குகிறார்கள். இருபதாயிரம் கேட்டால் பதினெட்டு என்பார்கள், பத்தொன்பதில் முடியும். ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்ட மகிழ்ச்சியில், மற்ற ஷரத்துகளை உரிமையாளர் தந்த பத்திரத்தில் இருக்கிறபடியே விட்டுவிடுவார்கள். பெரிய பணம் போவது அந்த ஷரத்துகளில்தான்.

மதுரையில் ஒரு கல்லூரிக்கு அருகே, ஜெராக்ஸும் ஸ்டேஷனரியும் சேர்ந்த கடை வைக்க ஓர் இளைஞர் இடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு சதுர அடி, ரோட்டைப் பார்த்த ஷட்டர். உரிமையாளர் கேட்பது மாதம் 20,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு. அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்கு. "அது சும்மா பேப்பருக்குத்தான் தம்பி. வாடகை ஒழுங்கா வந்தா நான் ஏன் காலி பண்ணச் சொல்லப் போறேன்?" என்கிறார். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பலர் அதை மனதாரத்தான் சொல்கிறார்கள்.

பதினோரு மாதம் என்ற வழக்கம் வந்ததற்குக் காரணம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினோரு மாதம் போடுகிறார்கள். குடியிருக்கிற வீட்டுக்கு இது பரவாயில்லை, சாமானைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். கடையில் கவுன்டர், ரேக், வயரிங், போர்டு என்று நம் இளைஞர் மூன்று லட்சம் போடப் போகிறார். பன்னிரண்டாவது மாதம் கடை நன்றாக ஓடுவது தெரிந்து, "இனி முப்பதாயிரம்" என்று உரிமையாளர் சொன்னால் இவரிடம் பதில் இல்லை. போட்ட பணமும் பழகிய வாடிக்கையாளர்களும் அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே, பேரத்தைக் காலத்தில் தொடங்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக் குத்தகையைக் கேளுங்கள், அதைப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். பதிவாகாமல் ஐந்து ஆண்டு என்று எழுதிக்கொள்வதில் பயனில்லை, நீதிமன்றத்தில் அந்த ஷரத்துக்குச் சாட்சியமாக நிற்கும் வலு கிடையாது. இன்னொன்று, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். இது வேறு, சார்பதிவாளர் பதிவு வேறு. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைக்கிறவர்கள் உண்டு.

ஐந்து ஆண்டு என்றதும் உரிமையாளர் தரப்பிலிருந்து லாக்-இன் வரும். அந்தக் காலத்துக்குள் கடையைக் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். மூன்று ஆண்டு லாக்-இன்னில் கையெழுத்துப் போட்ட கடை எட்டாவது மாதமே படுத்துவிட்டால், மீதி 28 மாதங்களுக்கு 5,60,000 ரூபாய் கேட்க முடியும். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது என்று வாதாடலாம். ஆனால் அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. வழக்குப் போட்டு அலைய வேண்டியது நீங்கள்.

பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அந்த லாக்-இன் யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். "வாடகைதாரர் காலி செய்யக் கூடாது" என்று மட்டும் இருக்கும், உரிமையாளர் மூன்று மாத நோட்டீஸில் வெளியேற்றலாம் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கும். இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உரிமையாளருக்கு லாக்-இன் ஐந்து ஆண்டும் நீடிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை வராவிட்டால் மட்டும் விலக்கு. வாடகைதாரருக்கு ஓர் ஆண்டு போதும், அதற்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் போகலாம். கேட்க அநியாயமாகத் தெரிந்தாலும், நீங்கள் காலி செய்தால் அவருக்கு ஓரிரு மாத வாடகை நஷ்டம், அவர் காலி செய்யச் சொன்னால் உங்களுக்கு மொத்த முதலும் நஷ்டம். இதை அப்படியே எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஆண்டு உயர்வு. 5 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். இரண்டாம் ஆண்டு 21,000, மூன்றாம் ஆண்டு 22,050, நான்காம் ஆண்டு 23,152. இதற்குப் பதிலாக, மூன்று ஆண்டு ஒரே வாடகை, அதன் பிறகு ஒரே தடவையாக 15 சதவீதம் என்று கேளுங்கள். நான்காம் ஆண்டு வாடகை 23,000 ஆகிறது. உரிமையாளர் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த முதல் மூன்று ஆண்டுகளில் உங்களுக்கு 36,600 ரூபாய் மிச்சம். கடைசி வரை மல்லுக்கட்டி மாத வாடகையில் ஆயிரம் குறைத்திருந்தாலும் மூன்று ஆண்டில் ஏறக்குறைய இதே அளவுதான் மிஞ்சியிருக்கும். கடை காலூன்றுகிற காலத்தில் இந்தப் பணம் கையில் நிற்பது பெரிய விஷயம். வாடகை உயரும்போதெல்லாம் அட்வான்ஸும் உயர வேண்டும் என்ற வரி எங்காவது ஒளிந்திருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸில் ஒரு கணக்கு உண்டு. அந்த 2 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், மாதம் 2,000 ரூபாய் வட்டி. அதாவது உங்கள் உண்மையான வாடகை 22,000. மாநிலச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றாலும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் செல்லும் என்றும் சொல்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் பத்து மாதம்தான். ஆறு மாதத்துக்குக் குறைத்துக் கேட்கலாம். அவர் அதற்கு ஈடாக வாடகையை ஐந்நூறு கூட்டினாலும் லாபம், ஏனென்றால் குறைகிற 80,000 ரூபாய்க்கு வட்டி மாதம் 800.

கொடுப்பதைவிடத் திரும்ப வாங்குவதில்தான் சிக்கல். பல உரிமையாளர்கள் அட்வான்ஸை வங்கியில் வைத்திருப்பதில்லை, செலவழித்திருப்பார்கள். "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுத்ததும் தர்றேன்" என்பார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். அதை நம்பியிராமல், நோட்டீஸ் காலத்து வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம், மீதியைச் சாவி ஒப்படைக்கும் நாளிலேயே தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தொகை முழுவதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். பாதி ரொக்கமாகக் கொடுத்தால் அந்தப் பாதிக்குச் சாட்சி இல்லை.

வாடகைக்குக் கடைசியாக வாருங்கள். அதிலும் தொகையைக் குறைப்பதைவிட, சாவி வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் வாடகை இல்லாமல் கேட்பது எளிது. உள்ளே மர வேலை நடக்கும்போது வருமானம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இடத்தை ஷட்டருக்கு உட்பக்கம் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள், சொன்ன சதுர அடி பெரும்பாலும் இருக்காது. வணிக மின் இணைப்புக்குத் தனி மீட்டர் உண்டா என்பதையும், வாடகைக்கு ஜிஎஸ்டி வருமா, வந்தால் யார் கட்டுவது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் பேச வேண்டியது டோக்கன் கொடுப்பதற்கு முன்னால். பத்தாயிரம் கொடுத்து இடத்தைப் பிடித்துவிட்டால், பிறகு நீங்கள் கேட்பது எல்லாமே உரிமையாளருக்குச் சலுகையாகத்தான் தெரியும். பத்திர வரைவை முதலில் வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டி, அதன் பிறகு டோக்கனைக் கொடுங்கள்.