ஒரு மணி நேர வகுப்பிலிருந்து நாற்பது ஸ்லைடுகள்

ஐஐடி பேராசிரியர்களின் என்பிடிஇஎல் வகுப்புகளை யூடியூபில் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரிந்திருக்கும். தேர்வுக்கு முந்தின இரவு ஒரே ஒரு சூத்திரம் வேண்டும். அது எந்த நிமிடத்தில் வந்தது என்று நினைவில்லை. ஸ்லைடுகள் மட்டும் தனியாகக் கையில் இருந்தால் புரட்டிப் பார்த்து அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். பேராசிரியர் அவற்றைத் தராவிட்டாலும் வீடியோவிலிருந்தே நாம் எடுத்துக்கொள்ள முடியும்.

ஐம்பது நிமிட வீடியோவில், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், மொத்தம் 75,000 ஃபிரேம்கள் இருக்கும். அத்தனையும் தேவையில்லை. இரண்டு நொடிக்கு ஒன்று எடுத்தால் 1,500 படங்கள்தான். இலவச மென்பொருளான ffmpeg இதை ஒரே கட்டளையில் செய்துவிடும்:

```
ffmpeg -i class.mp4 -vf "crop=960:720:0:0,fps=1/2" f_%04d.png
```

இதில் crop என்பது வெட்டும் பகுதி. 1280×720 வீடியோவில் இடப்பக்கம் ஸ்லைடும் வலப்பக்கம் ஆசிரியரும் தெரிகிறார்கள் என்று வைத்துக்கொண்டு இந்த எண்களைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீடியோவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஆசிரியரை வெட்டாமல் விட்டால் அவர் கையசைப்பது, தலையாட்டுவது எல்லாமே ‘மாற்றம்’ என்று கணக்காகிவிடும்.

அடுத்து, ஸ்லைடு எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பலரும் ffmpeg-இன் காட்சி மாற்ற வடிகட்டியை 0.3 என்ற அளவோடு அப்படியே போட்டுப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அந்த அளவு சினிமாக் காட்சிகளுக்குப் பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் புதிதாக ஒரு வரி எழுத்து சேர்ந்தால், மாறும் புள்ளிகள் படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே இரண்டு படங்களையும் சாம்பல் நிறமாக்கி, வெளிச்சம் தெளிவாக மாறிய புள்ளிகளை மட்டும் எண்ணுவதே நல்லது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருந்தால் ஸ்லைடு மாறியது என்று கொள்ளலாம். இந்த அளவில் தொடங்கி, உங்கள் வீடியோவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. மாற்றம் தெரிந்த அந்தக் கணத்தின் படத்தை எடுத்து வைக்காதீர்கள். அப்போது பழைய ஸ்லைடு பாதி மறைந்து புதியது பாதி தோன்றியிருக்கலாம். சுருக்கப்பட்ட வீடியோவில், மாறிய உடனே எழுத்துகள் மங்கலாக வந்து, பிறகுதான் தெளிவதும் உண்டு. எடுக்க வேண்டியது, படம் அசையாமல் நின்ற காலத்தின் கடைசிப் பகுதியை.

ஓர் எடுத்துக்காட்டு. 12:10-க்கு ஒரு ஸ்லைடின் தலைப்பு வருகிறது. 12:48-க்கு ஒரு வரி, 13:30-க்கு இன்னொரு வரி, 14:20-க்கு ஒரு வரைபடம் சேர்கின்றன. 15:02-க்கு ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போகிறார். இந்த இடைவெளியில் நமக்குக் கிடைத்த படங்கள் 86. அசையாமல் நின்ற நிலைகள் நான்கு. ஆனால் வேண்டியது ஒன்றே ஒன்று, எல்லாம் நிரம்பிய கடைசி நிலை. முந்தைய படத்தின் கறுப்புப் புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாவது அடுத்த படத்திலும் அதே இடத்தில் கறுப்பாக இருந்தால், பழையது புதியதற்குள் அடங்கிவிட்டது என்று பொருள். பழையதை நீக்கிவிடலாம். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் நிறத்தைத் தலைகீழாக்கிவிட்டு இதையே செய்யுங்கள்.

கடைசி நிலையின் ஐந்து படங்களை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து மதிப்புகளையும் வரிசைப்படுத்தி நடு மதிப்பை வைத்தால் இன்னும் அழகான பலன் கிடைக்கும். அங்குமிங்கும் ஓடிய மவுஸ் அம்புக்குறி மறைந்துபோகும், சுருக்கத்தால் வந்த புள்ளிக் கறைகளும் குறையும். ஐந்தில் மூன்று படங்களிலாவது அம்புக்குறி ஒரே இடத்தில் நின்றிருந்தால் மட்டும் போகாது.

ஆசிரியர் மாணவர் கேள்விக்காகப் பழைய ஸ்லைடுக்குத் திரும்புவார். அதனால் புதிய படத்தை முந்தையதோடு மட்டுமின்றி, எடுத்து வைத்த எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே இருப்பதுதான் என்றால் விட்டுவிடலாம்.

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. சிலர் பேசி முடித்த வரிகளைச் சாம்பலாக மங்கவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். அப்போது கறுப்புப் புள்ளிக் கணக்கு பொய்த்து, ஒரே ஸ்லைடு நான்கு முறை மிஞ்சும். அவற்றைக் கையால் நீக்குவதே சுலபம். ஒன்று கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை, விடுபட்டால்தான் இழப்பு.

விடுபட்டதைக் கண்டுபிடிக்க, படத்தின் பெயரிலுள்ள எண்ணைப் பாருங்கள். அதில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் வீடியோவின் நொடி ஏறக்குறையக் கிடைக்கும். f_0366 என்றால் 730-ஆவது நொடி, அதாவது 12:10. இரண்டு படங்களுக்கிடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி இருந்தால் வீடியோவில் அந்த இடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்லைடின் மூலையில் எண் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. 7, 8, 10 என்று வரிசை போனால், 9 வீடியோவில் எங்கோ இருக்கிறது. தேடி எடுங்கள்.