கனவில் கதை ஏன் தாவுகிறது?

பரீட்சை முடியப்போகிறது, பேனா எழுத மறுக்கிறது. அடுத்த கணம் அந்தக் கூடமே ரயில் நிலையமாகிவிடுகிறது, வண்டி நகர்கிறது. கனவு காணும்போது இதில் எந்த விசித்திரமும் தோன்றுவதில்லை.

மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் ‘ரெம்’ உறக்கத்தில்தான் இத்தகைய தெளிவான கனவுகள் அதிகம் வருகின்றன. 1990களில் அந்த நிலையில் உறங்கியவர்களின் மூளையை ‘பெட்’ ஸ்கேன் செய்தபோது, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள பகுதியோ அடங்கியிருந்தது. முன்பு நடந்ததை மனத்தில் நிறுத்தி, இப்போது நடப்பது அதோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க உதவுவது அந்தப் பகுதிதான்.

ஆகவே பரீட்சையையும் ரயிலையும் இணைப்பது தர்க்கமல்ல, ‘நேரமாகிவிட்டதே’ என்ற பதற்றம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். காட்சி தாவினாலும் உணர்ச்சி தொடர்கிறது. விழித்து, சரிபார்க்கும் பகுதி மீண்டும் இயங்கும்போதுதான் கதையின் ஓட்டை நமக்குத் தெரிகிறது.