திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும்

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியைத் திருத்துவது மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. மேற்கோள் குறி போய்விட்டதா, ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகிவிட்டதா என்று பார்த்துச் சரி போட்டுவிடலாம். ஆனால் வாக்கியத்தின் பொருளையே மாற்றிவிடும் பிழைகள் காலத்திலும் இடப்பெயரிலும்தான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். கண்ணன் மாலாவிடம், “நான் நாளை உன் வீட்டுக்கு வந்து என் புத்தகத்தை வாங்கிக்கொள்கிறேன்” என்றான். சரியான விடை: கண்ணன் மாலாவிடம், தான் மறுநாள் அவள் வீட்டுக்கு வந்து தன் புத்தகத்தை வாங்கிக்கொள்வதாகக் கூறினான்.

மாணவர் ஒருவர் ‘வாங்கிக்கொண்டதாக’ என்று எழுதுகிறார். இது கவனக்குறைவு மட்டுமல்ல. பெரும்பாலும் ஆங்கில வகுப்பிலிருந்து வரும் பழக்கம். அங்கே ‘சொன்னான்’ என்று இறந்தகாலம் வந்தால் உள்ளே இருக்கும் வினையும் பின்னோக்கி நகரும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். தமிழில் அப்படி நகர்வதில்லை. வந்தேன் என்றால் வந்ததாக, வருவேன் என்றால் வருவதாக. சொன்னவன் எந்தக் காலத்தில் நின்று சொன்னானோ, அந்தக் காலம் அப்படியே நிற்கும். ‘வாங்கிக்கொண்டதாக’ என்று எழுதினால், இனிமேல் வாங்கப்போகும் புத்தகம் ஏற்கெனவே கைக்கு வந்துவிடுகிறது. மூல வாக்கியத்தில் ‘கொள்கிறேன்’ என்றுதானே இருக்கிறது என்று கேட்கலாம். ‘நாளை’ உடன் இருப்பதால் அது எதிர்காலப் பொருளில் வந்த நிகழ்காலம். எனவே ‘கொள்வதாக’ என்பதே பொருந்தும்.

இன்னொரு விடைத்தாளில் ‘தன் வீட்டுக்கு வந்து’ என்று இருக்கிறது. ‘தான்’, ‘தன்’ இரண்டும் பேசுபவரையே சுட்டும். எனவே மாலாவின் வீடு கண்ணனுடையதாகிவிட்டது. ‘வருவேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதி, பேசுபவர் யார் என்று காட்டும். ‘வருவதாக’ என்பதில் அந்த விகுதி இல்லை. ஆகவே யார், யாருடையது என்பதைக் காட்டும் முழுப் பொறுப்பும் இடப்பெயர்மேல் விழுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, மாணவரின் விடையை மீண்டும் நேர்க்கூற்றாக்கிப் பார்ப்பது. ‘தன் வீட்டுக்கு’ என்பதைத் திருப்பினால் ‘என் வீட்டுக்கு’ என்று வரும். மூலத்தில் இருப்பதோ ‘உன் வீட்டுக்கு’. பிழை பளிச்சென்று தெரிந்துவிடும். மதிப்பெண்ணைக் காலத்துக்கு, இடப்பெயருக்கு, ‘மறுநாள்’ போன்ற சொற்களுக்கு என்று பிரித்துக் கொடுப்பதே நியாயம். ‘நாளை’யை மாற்ற மறந்தவரையும் வீட்டையே மாற்றியவரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டால், எதைத் திருத்திக்கொள்வது என்று இருவருக்கும் தெரியாது.

விடைக்குறிப்பை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாத இடமும் உண்டு. ஆசிரியை மாணவர்களிடம், “நாம் நாளை மரக்கன்று நடுவோம்” என்கிறார். இதைத் ‘தாங்கள் மறுநாள் நடுவதாக’ என்று எழுதினால் மாணவர்கள் அதில் சேர்த்தியா, இல்லையா என்பது மங்கிவிடும். ‘தாங்கள் எல்லாரும் சேர்ந்து’ என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.