வைஃபை நெரிசலில் ஜிக்பீக்கு ஓர் இடம்

காலையில் ஆள் உள்ளே வந்த மறுகணமே விளக்கைப் போடுகிறது கூடத்துச் சுவரில் ஒட்டிய அசைவு சென்சார். இரவு எட்டு மணிக்கு, வீட்டில் இரண்டு டிவிகளில் படம் ஓடும்போது, அதே சென்சார் சில நொடிகள் தாமதிக்கிறது; சில நேரம் விளக்கு எரிவதே இல்லை. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. வைஃபை மும்முரமாக இயங்கும் நேரத்தில் மட்டும் இந்தக் கோளாறு தலைகாட்டினால், ஜிக்பீ எந்தச் சேனலில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டு சென்சார்கள் பேசும் ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபை அதில் ஒரே நேரத்தில் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜிக்பீக்கு 2 மெகாஹெர்ட்ஸ் போதும். ரூட்டரின் அலை வலுவானது. சிறு பேட்டரியில் ஓடும் சென்சாரின் அலை மிக மெல்லியது. அனுப்புவதற்கு முன் சென்சார் ஒரு கணம் கவனித்துக் கேட்கும். அலைவரிசை ஓய்வாக இல்லாவிட்டால் காத்திருந்து மறுபடி முயலும். சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுவிடும். விளக்கு தாமதமாக எரிவதும் எரியாமலே போவதும் இப்படித்தான்.

ஜிக்பீயின் சேனல்கள் 11இல் தொடங்கி 26 வரை போகின்றன. வைஃபை சேனல்களோ 1இலிருந்து எண்ணப்படுகின்றன. எனவே வைஃபையின் 11ம் ஜிக்பீயின் 11ம் ஒரே இடத்தில் இல்லை. ஜிக்பீ 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில். அது வைஃபை 1இன் பரப்புக்குள் விழுகிறது. பெரும்பாலான ரூட்டர்கள் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் இயங்கும். ஜிக்பீயின் 11 முதல் 14 வரை வைஃபை 1இன் கீழும், 16 முதல் 19 வரை 6இன் கீழும், 21 முதல் 24 வரை 11இன் கீழும் வருகின்றன. 15ம் 20ம் இடைவெளிகளில் நிற்கின்றன. 25ம் 26ம் மூன்றுக்கும் மேலே, ஓரமாக இருக்கின்றன.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பையில் ஹோம் அசிஸ்டண்ட், அதனுடன் ஜிக்பீ2எம்கியூடிடி. சேனலை யாரும் தொடவில்லை. மென்பொருளின் இயல்பான 11இலேயே இருக்கிறது. கைபேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தால், சொந்த ரூட்டர் 1இல் வலுவாகத் தெரிகிறது. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 6இலும் 11இலும் மங்கலாகத் தெரிகின்றன. ஆக, சென்சார்கள் வீட்டு ரூட்டரின் நேர் கீழே பேசிக்கொண்டிருக்கின்றன. 15 இடைவெளியில் இருந்தாலும் 1இன் விளிம்பை ஒட்டியது. வைஃபை அலை விளிம்பில் சட்டென நின்றுவிடாமல் கொஞ்சம் வழியும். மிக அருகில் இருக்கும் ரூட்டர்தான் பெரிய தொல்லை என்பதால் அதிலிருந்து விலகிய 20 அல்லது 25 நல்லது. 20க்கு இருபுறமும் அண்டை வீட்டு ரூட்டர்கள். 25க்கு ஒரு புறம்தான். இந்த வீட்டுக்கு 25 பொருந்தும். `configuration.yaml` கோப்பில் இதை எழுதி மென்பொருளை மறுபடி இயக்க வேண்டும்:

```yaml
advanced:
  channel: 25
```

மின்சாரத்தில் இயங்கும் பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் தாமாகவே புதிய சேனலுக்கு வந்துவிடும். தூங்கி எழும் பேட்டரி சென்சார்களில் சில வழிதவறும். அவற்றை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். பிலிப்ஸ் ஹியூ வைத்திருப்பவர்கள் அதன் செயலியிலேயே சேனலை மாற்றிக்கொள்ளலாம். 26ஐத் தவிர்ப்பது பாதுகாப்பு. எல்லாக் கருவிகளும் அதை ஏற்பதில்லை; ஏற்கும் சிலவும் அங்கே வலுக் குறைத்தே அனுப்புகின்றன.

ஜிக்பீயை நகர்த்தியதும் ரூட்டரையும் கட்டிவைக்க வேண்டும். சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால் ரூட்டர் இன்னொரு நாள் வேறு எண்ணுக்குத் தாவலாம். இந்தியாவில் வைஃபை 13 வரை அனுமதி உண்டு; 13க்குப் போனால் ஜிக்பீ 25 அதன் பரப்புக்குள் சிக்கிவிடும். அதனால் எண்ணை 1 என்றே நிலைப்படுத்தி, அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டும். டிவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் இன்னும் தணியும்.

சேனல் சரியாக இருந்தும் சென்சார்கள் தடுமாறினால் ஜிக்பீ டாங்கிளைச் செருகிய இடத்தைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3 துறைகளும் அவற்றில் செருகிய ஹார்டு டிஸ்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. ராஸ்பெர்ரி பை 4இல் அவை நீல நிறத் துறைகள். டாங்கிளைக் கறுப்புத் துறையில் செருகி, ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் போதும். அதன் பிறகும் ஒரே ஒரு சென்சார் மட்டும், அதுவும் எல்லா நேரத்திலும் விட்டுவிட்டு இயங்கினால், காரணம் பெரும்பாலும் தொலைவோ கான்கிரீட் சுவரோதான். பாதி வழியில் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக்கைச் செருகினால் அது செய்தியை வாங்கி அடுத்த கட்டத்துக்குக் கடத்திவிடும்.