எரிந்துபோன கீஸரைக் கொடுத்துவிடாதீர்கள்

சென்ற மாதம் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு குடும்பம் உதவித் தொகை கேட்டு வந்தது. ஃபஜ்ருக்கு ஒளு செய்ய வெந்நீர் வேண்டும் என்று கீஸரைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் எரியும் நெடி. ஓடிப் பார்த்தால் குளியலறையின் பி.வி.சி. கூரை உருகிச் சொட்டுகிறது, கதவும் கருகிவிட்டது. அருகில் இருந்த வாஷிங் மெஷின்மீது எரியும் துண்டுகள் விழுந்து அதன் மூடியும் பேனலும் உருகிவிட்டன. வீட்டின் மூத்த மகன் மெயினை அணைத்துவிட்டு, அதன் பிறகே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

விவரங்களைக் கேட்டுக்கொண்டு இருந்தபோது அந்தத் தாயார் சொன்னார்: “கம்பெனி ஆள் நாளைக்கு வர்றார் பாய். பழசை எடுத்துக்கிட்டு புது கீஸர் இலவசமாத் தர்றாங்களாம். ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம்.”

கையெழுத்துப் போட வேண்டாம் என்றும், கீஸரைக் கொடுக்க வேண்டாம் என்றும் உடனே சொன்னோம். சேதமான வீட்டுக்கு உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டியதாக இருந்தால், அதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கருகிய கீஸர்தான். அது கம்பெனியின் கிடங்குக்குப் போய்விட்டால் என்ன பழுது என்பதை அவர்கள் சொல்வதே முடிவு. அவர்கள் நீட்டும் தாளில் “எனது எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன” என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டுவிட்டால் கூரைக்கும் கதவுக்கும் பிறகு வாய் திறப்பது கடினம்.

“வாரண்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே?” என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. பலரும் இங்கேதான் ஏமாந்து திரும்புகிறார்கள். வாரண்டி என்பது பொருளைப் பழுதுபார்த்துத் தருவதற்கான வாக்கு. பொருளின் குறைபாட்டால் வீட்டுக்கோ ஆளுக்கோ ஏற்படும் சேதம் வேறு விஷயம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்து அதனால் உங்கள் உடைமை சேதமானால் உற்பத்தியாளர் பொறுப்பு. அந்த அத்தியாயத்தில் ‘சேதம்’ என்பது பொருளைத் தவிர்த்த மற்ற உடைமைகளுக்கு ஏற்பட்டதையே குறிக்கும். ஆகவே கீஸரின் விலையைக் குறைபாடுள்ள பொருளுக்கான தொகை என்று தனியாகவும், வீட்டின் சேதத்தைத் தனியாகவும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து எழுதினால் கம்பெனி கீஸரைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டு நழுவும்.

குற்றம் பொருளில்தானா என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த கீஸர் 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தால் சூடாவது சாக்கெட், தவறு நம்முடையது. உள்ளூர் மெக்கானிக் திறந்து வேறு தெர்மோஸ்டாட் மாட்டியிருந்தாலும், பொருளை மாற்றியமைத்தீர்கள் என்று கம்பெனி தப்பித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்குரிய தடித்த ஒயரும் இருந்தன. சர்வீஸ் ஒரே ஒரு முறை, அதுவும் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே. ரசீதும் இருந்தது.

அரசு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் எதையும் கழற்றவில்லை. டார்ச் அடித்துக் காட்டினார். சுவரில் இருந்த பிளக்கும் சாக்கெட்டும் சுத்தமாக இருந்தன. பின்களில் கருப்பே இல்லை. கீஸரின் கீழ்மூடிக்குள், ஹீட்டிங் எலிமென்ட்டில் ஒயர் சேரும் திருகு முனையில் மட்டும் செம்பு நிறம் மாறி, ஒயரின் உறை சாம்பலாகியிருந்தது. மூடியின் உட்புறம் அதிகமாகவும் வெளிப்புறம் குறைவாகவும் கருகியிருந்தது. அதாவது தீ உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. திருகு தளர்ந்தால் அந்த ஓர் இடத்தில் மின்தடை கூடி, நாள் கணக்கில் சூடேறி, ஒரு நாள் பற்றிக்கொள்ளும் என்றார்.

பிறகு வந்த கம்பெனி ஆள், “எம்.சி.பி. ட்ரிப் ஆகலையே, அப்போ மெஷின்ல கோளாறு இல்லை” என்று வாதாடினார். கேட்க நியாயம்போல் இருக்கும். ஆனால் எம்.சி.பி. விழுவது மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. சூடு மட்டுமே கூடும். எலக்ட்ரீஷியன் இதைச் சொன்னதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அன்றே செய்தவை இவை. கீஸர், பிளக், சாக்கெட், கூரை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் படம் எடுத்தோம். ஸ்டிக்கரில் உள்ள மாடல், வரிசை எண், ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழ் உள்ள CM/L எண் ஆகியவை தெரியும்படி தனிப் படம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். (தீயணைப்புத் துறையினர் வந்திருந்தால் அவர்களிடம் அறிக்கை கேட்டு வாங்குங்கள், அது இன்னும் வலுவான ஆவணம்.) வேலை செய்யும் கொத்தனார், எலக்ட்ரீஷியனிடம் கையெழுத்திட்ட மதிப்பீடும் வாங்கினோம்.

கணக்கு இப்படி வந்தது: கூரைக்கு 14,000 ரூபாய், ஒயரிங்குக்கு 6,500, கதவுக்கும் வெள்ளையடிக்கவும் 8,000, வாஷிங் மெஷினுக்கு 11,000. ஆக 39,500. வாஷிங் மெஷின் வாங்கிய விலை 18,000. மூன்று ஆண்டு பழையது என்பதால் குறைத்தே போட்டோம். பழைய பொருளுக்குப் புது விலை கேட்டால் மற்ற கணக்கையும் சந்தேகிப்பார்கள். கீஸரின் விலை 9,200 தனி வரியில்.

கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்பினோம். நகல் விற்ற கடைக்கும். முக்கியமான பகுதி இவ்வளவுதான்: “தங்கள் பொறியாளர் எங்கள் வீட்டிலேயே, எங்கள் எலக்ட்ரீஷியன் முன்னிலையில் கீஸரைத் திறந்து ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வுக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதி எங்களுக்குத் தர வேண்டும். அதுவரை கீஸர் எங்களிடமே இருக்கும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்.” 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து அந்த எண்ணைக் கடிதத்தில் குறித்தோம்.

ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் அஞ்ச ஒன்றுமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்த ஆய்வுச் செலவை முதலில் நம்மைக் கட்டச் சொல்லக்கூடும். ஒரே கருத்து: அதற்கும் கருகிய கீஸர் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறியாளர் வந்தார். திருகு தளர்ந்திருந்ததைக் குறிப்பில் எழுத முதலில் தயங்கினார். “இணைப்பு முனையில் சூடேறிய அடையாளம் உள்ளது” என்று எழுதிக் கையெழுத்திட்டார். கம்பெனி முதலில் 20,000 என்றது. மதிப்பீடுகளின் நகலைத் திரும்பவும் அனுப்பினோம். முடிவில் வீட்டுச் சேதத்துக்கு 36,000, கீஸரின் விலை 9,200. புது கீஸர் வேண்டாம் என்று அந்தத் தாயார் சொல்லிவிட்டார். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் பழைய கீஸரை ஒப்படைத்தார்கள். எங்களிடம் கேட்ட உதவித் தொகையையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.