எறியும்போது எந்தக் கால் முன்னால் போகிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, சுவரை நோக்கி எறியச் சொல்லுங்கள். பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்க்காதீர்கள். கால்களை மட்டும் பாருங்கள். சிலர் நின்ற இடத்திலேயே நின்று எறிவார்கள். சிலர் வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்னால் வைப்பார்கள். சிலருக்கு இடக்கால் முன்னால் போகும். ஒரே வயது, ஒரே வகுப்புதான். ஆனால் எறிதல் என்ற திறனின் வளர்ச்சியில் மூன்று வேறு படிகளில் இவர்கள் நிற்கிறார்கள்.

உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்குச் சேருகிற மாணவர்கள் ‘அடிப்படை இயக்கத் திறன்கள்’ என்ற பாடத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக் காலில் சமநிலையோடு நிற்றல் போன்றவை இதில் அடங்கும். கபடியோ கிரிக்கெட்டோ, பின்னால் வரும் எந்த விளையாட்டும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்க அறிஞர் டேவிட் கலஹ்யூ இத்திறன்கள் வளரும் விதத்தைத் தொடக்க நிலை, இடைநிலை, முதிர்நிலை என்று மூன்றாகப் பிரித்தார். ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான காலம் இது. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்துவிடலாம். மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் எதிரே நிற்கும்போதுதான், யார் எந்த நிலை என்று சொல்ல வராது. அதற்கு ஒரே ஒரு திறனையாவது ஆழமாகப் பார்க்கப் பழக வேண்டும். தோளுக்கு மேலாகக் கையை வீசி எறிவதை எடுத்துக்கொள்வோம். அடிப்படைத் திறன்களில் இது சிக்கலானது. படிகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் இதில்தான்.

இந்தப் படிகளை முதலில் ஒழுங்காகப் பதிவு செய்தவர் மோனிகா வைல்ட். 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் எறிவதைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1938-இல் நான்கு நிலைகளை வகுத்துக் கொடுத்தார்.

இரண்டு, மூன்று வயதுக் குழந்தை சுவருக்கு நேராக முகம் காட்டி நிற்கும். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்கும். முழங்கையை மடக்கி, முன்கையால் மட்டும் பந்தை முன்னால் தள்ளும். விரல்கள் தாமதமாக விரிவதால் பல நேரம் பந்து காலடியிலேயே விழும். அடுத்த நிலையில் உடம்பு திரும்பத் தொடங்குகிறது. கை பக்கவாட்டில் சுற்றி வரும். தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகச் சேர்ந்து திரும்பும். கால் அப்போதும் அசையாது.

மூன்றாம் நிலையில் கால் நகர்கிறது, ஆனால் எறிகிற கையின் பக்கத்துக் கால். பயிற்சி ஆசிரியர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வலக்கையோடு வலக்கால் போவதைப் பார்த்ததும் ‘தப்பு, தப்பு’ என்று கத்திவிடுகிறார்கள். உண்மையில் அது முன்னேற்றம். உடம்பின் எடையையும் எறிதலில் சேர்க்கலாம் என்பதை அந்தக் குழந்தை அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்காதது ஒன்றே ஒன்று: எந்தக் காலை வைத்தால் இடுப்பு திரும்ப இடம் கிடைக்கும் என்பது. வலக்கால் முன்னால் போனால் வலப்பக்க இடுப்பும் முதலிலேயே முன்னால் வந்துவிடும். பிறகு திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. இடக்கால் முன்னால் போனால் வலப்பக்கம் பின்னால் தங்கி, அங்கிருந்து முழுவதும் சுற்றி வரலாம். அதுதான் நான்காம் நிலை.

அங்கே நடப்பது சாட்டை வீச்சைப் போன்றது. முதலில் கால், பிறகு இடுப்பு, அதன்பின் நெஞ்சும் தோளும், பின்னர் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. ஒன்றின் வேகத்தை வாங்கி மற்றொன்று கிளம்புகிறது. நெஞ்சு சுவரைப் பார்த்துத் திரும்பிய கணத்திலும் கை பின்னால் தங்கியிருந்தால் எறிதல் முதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். பந்தை விட்ட பிறகு கை நின்றுவிடாமல் உடம்பைக் குறுக்காகக் கடந்து இடது தொடைப் பக்கம் வரும்.

நான்கு நிலை என்றால் ஒரு பிள்ளையை ஏதாவது ஒரு நிலையில் வைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி வைக்க முடியாது என்று காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேரி ஆன் ராபர்ட்டன். உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் அடுத்த படிக்கு ஏறுவதில்லை என்றார் அவர். அதனால் காலடி, உடலின் திருப்பம், மேற்கை, முன்கை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார். காலடிக்கு மட்டும் அவர் நான்கு படிகள் வைத்தார்: அடி எடுத்து வைக்காமல் எறிதல், அதே பக்கத்துக் கால், எதிர்ப்பக்கத்துக் காலைச் சிறிதாக எடுத்து வைத்தல், எதிர்ப்பக்கத்துக் காலை உயரத்தில் பாதிக்கு மேல் நீட்டி வைத்தல். என்னைக் கேட்டால், ஆசிரியருக்குப் பயன்படுவது இந்தப் பார்வைதான். ‘இடைநிலை’ என்று ஏட்டில் எழுதிவைத்தால் நாளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாது. ‘காலடி இரண்டாம் படி’ என்று எழுதினால் தெரியும்.

ஒரு கற்பனைச் சிறுமியை வைத்துப் பார்ப்போம். வயது எட்டு, உயரம் 125 சென்டிமீட்டர், வலக்கைப் பழக்கம். சுவரிலிருந்து ஆறு மீட்டரில் நிற்கிறாள். பத்து முறை எறியச் சொல்கிறோம். ஒரே எறிதலைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது; குழந்தைகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி எறிவார்கள். பத்தில் பாதியாவது எந்த வடிவம் வருகிறதோ அதுதான் அவளுடைய படி. முதல் சில எறிதல்களில் காலை மட்டும் பார்க்கிறோம். வலக்கால் முன்னால் போகிறது. பிறகு பின்னால் போய் நின்று இடுப்பைப் பார்க்கிறோம். இடுப்பும் தோளும் சேர்ந்தே திரும்புகின்றன. அடுத்துப் பக்கவாட்டிலிருந்து கையைப் பார்க்கிறோம். முழங்கை தோள் உயரத்துக்கு நன்றாகவே வருகிறது. ஆக, கை முன்னேறியிருக்கிறது, கால்தான் பின்தங்கியிருக்கிறது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும்.

இப்போது பலரும் செய்வது, ‘இடக்காலை வை’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அவள் காலைப் பற்றி யோசிப்பாள், எறிய மறந்துவிடுவாள். அதைவிட, அவளை ஏழெட்டு அடி பின்னால் நிறுத்தி, ‘சுவரில் பட்டு உன் தலைக்கு மேல் திரும்பி வருகிற மாதிரி ஓங்கி எறி’ என்று சொல்லிப் பாருங்கள். தூரமும் வேகமும் தேவைப்படும்போது உடம்பு தானே பெரிய அசைவைத் தேடும். அத்துடன் இடத்தோள் சுவரைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்க வைத்து, இடப்பாதம் விழ வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டால், சொல்லில் திருத்த வேண்டியது பாதி குறைந்துவிடும். முதலில் கோடு ஓர் அடி தூரத்தில் இருக்கட்டும். அது பழகிய பிறகு இரண்டடிக்குத் தள்ளலாம். அவள் உயரத்தில் பாதி ஏறத்தாழ அவ்வளவுதான். இடுப்பும் தோளும் தனித்தனியாகத் திரும்புவது இதற்குப் பின்னரே வரும். அதை முதல் வாரத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

குறி பார்த்து எறியச் சொல்வதை இந்தக் கட்டத்தில் தள்ளிப்போட வேண்டும். நன்றாக எறிகிற பையனையே நான்கு மீட்டரில் நிறுத்தி ஒரு ஸ்டம்பை அடிக்கச் சொன்னால், கால் அசையாமல் முன்கையால் மட்டும் பந்தைத் தள்ளுவான். அவன் திறன் குறைந்துவிடவில்லை. பணி அதைக் கேட்கவில்லை, அவ்வளவே. ஏழு கல் ஆட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். அடுக்கைச் சாய்க்க எறியும்போது பிள்ளை அடக்கமாக எறியும். ஓடுகிறவன் மேல் எறியும்போது அதே பிள்ளை உடம்பு முழுவதையும் வீசும். இதனால்தான் குறி தவறியதற்கு மதிப்பெண் குறைக்கும் சோதனைகள் எறிதலின் நிலையைச் சரியாகக் காட்டுவதில்லை. பந்தின் அளவும் இப்படிக் குழப்பும். உள்ளங்கைக்கு அடங்காத பந்தைக் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளையும் இரண்டு கையாலும் தள்ளும். அதைத் தொடக்க நிலை என்று எழுதிவைப்பது ஆசிரியரின் பிழை.

வயது ஏறினால் படியும் தானாக ஏறும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ராபர்ட்டனும் அவருடைய குழுவினரும் ஒரே பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்து 1982-இல் எழுதினார்கள். ஏழாம் வகுப்பிலும் பலர் கடைசிப் படியைத் தொடவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். எறிதலில் ஆண், பெண் இடைவெளி பள்ளிக்கு வருமுன்பே தென்படுகிறது என்று 1985-இல் ஜெர்ரி தாமஸும் கேரன் ஃபிரெஞ்சும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அதே தாமஸ் பின்னாளில் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தபோது இடைவெளி இருந்தது, ஆனால் குறைவாக இருந்தது. அச்சமூகத்தில் எறிதல் இருபாலாருக்கும் பழக்கமான காரியம். எல்லாம் பழக்கத்தால் மட்டுமே என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்லலாம்.

பழக்கம் என்றதும் நம் விளையாட்டுப் பாடவேளையின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாற்பது பிள்ளைகள், இரண்டு பந்து, இரண்டு வரிசை. ஓர் எறிதலுக்குப் பதினைந்து விநாடி என்று வைத்தால், நாற்பது நிமிடத்தில் ஆளுக்கு எட்டு எறிதல்தான் வரும். இரண்டு பேருக்கு ஒரு பந்து என்றால் அதுவே எண்பது. டென்னிஸ் பந்து வாங்கப் பணமில்லாவிட்டால் பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து இறுகத் தைத்துக்கொள்ளலாம். செய்தித்தாளைச் சுருட்டிச் செய்யும் பந்து வேண்டாம். அது எடையில்லாமல் பாதியிலேயே விழுந்துவிடும், ஓங்கி எறிய வேண்டிய தேவையே எழாது.

பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் மாணவர்கள் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: காலடி, உடல், மேற்கை, முன்கை. ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் பார்க்க முயலாமல் நாளுக்கு ஐந்து பிள்ளைகளைப் பாருங்கள். பக்கத்தில் பந்தின் அளவையும் சுவரின் தூரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். சில வாரம் கழித்து அதே பந்து, அதே தூரத்தில் மறுபடி பாருங்கள். அந்த நான்கு கட்டத்தில் ஒன்று மட்டும் ஒரு படி ஏறியிருந்தாலும் உங்கள் பாடம் வேலை செய்திருக்கிறது.